விநய ஆய்வேட்டுக்குக் கலைச்சொல் பட்டியல்: ஒரே ஒரு விதியிலிருந்து தொடங்குங்கள்

விநயம் எனப்படும் பௌத்தத் துறவியர் ஒழுக்க விதிகளைப் பற்றித் தமிழில் ஆய்வேடு எழுதுகிறவர்கள் கலைச்சொல் பட்டியலைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிப்போடுவது வழக்கம். எல்லா இயல்களையும் எழுதி முடித்தபின் உட்கார்ந்து, சாய்வெழுத்தில் இருக்கிற பாலிச் சொற்களைப் பொறுக்கி, அகராதியைப் பார்த்து எதிரே ஒரு பொருளை எழுதிவிட்டால் பின்னிணைப்பு தயார் என்று நினைத்துவிடுகிறோம். விநயத்தில் இது நடக்காது. இது சட்ட நூல். அதன் சொற்களுக்கு நூலே வரையறை கொடுக்கிறது. அந்த வரையறை பல இடங்களில் அகராதிப் பொருளோடு ஒத்துப்போவதில்லை. பட்டியலைக் கடைசியில் தொகுத்தால், மூன்றாம் இயலில் ஒரு பொருளிலும் ஐந்தாம் இயலில் வேறு பொருளிலும் அதே சொல்லை ஆண்டிருப்பது அப்போதுதான் கண்ணில் படும். திருத்துவதற்கு நேரம் இருக்காது.

இங்கே நான் எழுதுவது தேரவாத மரபின் பாலி விநயத்தைப் பற்றி மட்டும். பாலியை ரோமன் எழுத்தில் தட்டுத்தடுமாறியாவது படிக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

## 1. எல்லையை முதலில் போடுங்கள்

பிக்குகளுக்கான பாதிமொக்கம் என்ற விதித்தொகுப்பில் 227 விதிகள், பிக்குணிகளுக்கு 311. இவற்றுக்கு விளக்கமாக அமைந்த சுத்தவிபங்கம், சங்கத்தின் நடைமுறைகளைச் சொல்லும் கந்தகங்கள் 22, கடைசியில் பரிவாரம் என்று விநய பிடகம் விரிகிறது. இதற்கு முழுமையான கலைச்சொல் பட்டியல் போட நினைப்பது வேறோர் ஆய்வேட்டைத் தொடங்குவதற்குச் சமம்.

உங்கள் ஆய்வு எந்த விதித்தொகுதியைப் பற்றியதோ, அதன் மூல வாசகத்தில் வரும் சொற்கள் முதல் வட்டம். அந்தச் சொற்களை வரையறுக்கப் பயன்படும் சொற்கள் இரண்டாம் வட்டம். அதற்கு வெளியே போகாதீர்கள். நான் எடுத்துக்காட்டாக நிஸ்ஸக்கிய பாசித்தியம் என்ற 30 விதிகளின் தொகுதியை எடுத்துக்கொள்கிறேன். துணி, பாத்திரம், பணம் போன்ற உடைமைகளைப் பற்றியவை இவை. தியானம், அபிதம்மம் தொடர்பான சொற்களுக்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லை. 'நிப்பானம்' என்ற சொல் முன்னுரையில் ஒருமுறை வருகிறது என்பதற்காக அதைச் சேர்க்காதீர்கள். அதற்கு ஓர் அடிக்குறிப்பு போதும்.

மற்ற மரபுகளின் விநயத்தோடு ஒப்பிடுவதாக இருந்தால் அதற்கென்று தனி நிரல் வையுங்கள். பாலியில் சங்காதிசேசம் என்ற குற்றவகை வடமொழி மரபுகளில் சங்காவசேஷம் என்று வருகிறது. இரண்டையும் ஒரே தலைச்சொல்லுக்குள் அடைத்தால், எந்த மரபின் வரையறையைக் கொடுத்திருக்கிறீர்கள் என்பது உங்களுக்கே குழம்பிவிடும்.

## 2. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை, ஆகும் செலவு

பணச் செலவு பெரும்பாலும் இல்லை. பாலி மூலம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. `suttacentral.net` தளத்தில் விநய பிடகம் முழுவதும் பத்தி பத்தியாக எண்ணிடப்பட்டு, ஆங்கில மொழிபெயர்ப்போடு இருக்கிறது. அந்த மொழிபெயர்ப்பு உரிமைத் தடையின்றி வெளியிடப்பட்டிருப்பதால் மேற்கோள் காட்டத் தனி அனுமதி தேவையில்லை. பாலி அகராதிகளுக்கும் இலவச இணைய வடிவங்கள் உண்டு.

செலவு வருவது அச்சு நூல்களுக்கு. விநயப் பாலி மூலத்தை ஓல்டன்பர்க் பதிப்பித்த ஐந்து தொகுதிகளையும் விலைக்கு வாங்க வேண்டாம். நூலகத்தில் இருந்தால் போதும். உங்களுக்கு வேண்டியது அதன் பக்க எண்கள். அவை பல மின்பதிப்புகளின் ஓரத்திலேயே குறிக்கப்பட்டிருக்கின்றன.

தொடங்குமுன் இரண்டு ஆவணங்களைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று, உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டு வடிவமைப்பு விதி. கலைச்சொல் பட்டியல் முன்பக்கங்களில் வருமா, பின்னிணைப்பாக வருமா, மொத்தப் பக்க வரம்பில் அது சேருமா என்பதை அதில் பார்த்துவிடுங்கள். இன்னொன்று நீங்களே எழுத வேண்டியது: எழுத்துப்பெயர்ப்பு முறை, மேற்கோள் முறை, வரிசை முறை மூன்றையும் சொல்லும் ஒரு பக்கக் குறிப்பு. அதில் நெறியாளரின் ஒப்புதலைத் தேதியோடு வாங்கிவையுங்கள். ஓராண்டு கழித்து 'ஏன் கிரந்த எழுத்துப் போட்டிருக்கிறீர்கள்?' என்ற கேள்வி அவரிடமிருந்தே வரக்கூடும்.

## 3. மேற்கோள் எண் முறையை ஒன்றாக நிறுத்துங்கள்

புதிதாக வருகிறவர்கள் அதிகமாகச் சிக்கிக்கொள்வது இங்கேதான். ஓல்டன்பர்க் பதிப்பில் முதல் தொகுதி மகாவக்கம், இரண்டாவது சுல்லவக்கம், மூன்றாவதும் நான்காவதும் சுத்தவிபங்கம், ஐந்தாவது பரிவாரம். ஆனால் ஹார்னரின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஆறு தொகுதிகள் கொண்டது. அதன் முதல் மூன்று தொகுதிகள் சுத்தவிபங்கம். நான்காவது மகாவக்கம், ஐந்தாவது சுல்லவக்கம், ஆறாவது பரிவாரம். ஆகவே வெறுமனே 'விநயம், தொகுதி 3' என்று எழுதினால் பாலியில் ஓர் இடம், ஆங்கிலத்தில் வேறோர் இடம். பழைய கட்டுரைகளில் இந்தக் குழப்பத்தோடு அச்சான அடிக்குறிப்புகளைப் பார்க்கலாம். அவற்றைச் சரிபார்க்காமல் உங்கள் பட்டியலுக்குள் எடுத்துப் போடாதீர்கள்.

பாலிப் பதிப்பின் தொகுதியும் பக்கமும் ஒன்று, மின்பதிப்பின் விதி அடையாளம் ஒன்று என இரண்டை மட்டும் கொடுங்கள். முதல் நிஸ்ஸக்கிய விதிக்கு அவை `Vin III 195` என்றும் `pli-tv-bu-vb-np1` என்றும் வரும். பின்னதில் `bu` பிக்குவையும், `vb` விபங்கத்தையும், `np` நிஸ்ஸக்கிய பாசித்தியத்தையும் குறிக்கிறது. கந்தகங்களுக்கு `pli-tv-kd7` என்பது போல எண் போகும். 1 முதல் 10 வரை மகாவக்கம், 11 முதல் 22 வரை சுல்லவக்கம். இந்த அடையாளத்தைத் தேடுபெட்டியில் போட்டால் நேராக அந்த இடத்துக்குப் போய்விடலாம். தேர்வாளரும் அப்படியே சரிபார்ப்பார்.

## 4. அகராதியைத் திறக்குமுன் பதபாஜனீயத்தைத் திறங்கள்

சுத்தவிபங்கத்தில் பெரும்பாலான விதிகளுக்கு ஒரே அமைப்பு. விதி எப்படி வந்தது என்ற கதை முதலில். பிறகு விதியின் வாசகம். அதற்கடுத்துப் பதபாஜனீயம், அதாவது வாசகத்தின் ஒவ்வொரு சொல்லையும் எடுத்து 'இது என்பது இன்னது' என்று பிரித்துச் சொல்லும் பகுதி. கடைசியில் எந்தெந்தச் சூழலில் குற்றம், எதில் குற்றமில்லை என்ற பட்டியல். கலைச்சொல் பட்டியல் போடுகிறவருக்குப் பாதி வேலையைப் பதபாஜனீயமே செய்து வைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு அகராதிக்குப் போவது வீண்வேலை.

முதல் நிஸ்ஸக்கிய விதியை வைத்து முழுமையாகப் பார்ப்போம். வாசகம் இதுதான்:

*நிட்டிதசீவரஸ்மிம் பிக்குனா உப்பதஸ்மிம் கதினே தசாஹபரமம் அதிரேகசீவரம் தாரேதப்பம். தம் அதிக்காமயதோ நிஸ்ஸக்கியம் பாசித்தியம்.*

மேலோட்டமாகப் பார்த்தால் எளிது. சீவர வேலை முடிந்து, மழைக்காலத் தங்கலுக்குப் பின் சீவரத்துக்காக நடக்கும் கதினம் என்ற சடங்கின் சலுகை நீங்கியபின், கூடுதலான சீவரத்தைப் பிக்கு அதிகபட்சம் பத்து நாள் வைத்திருக்கலாம். அதைத் தாண்டினால் குற்றம். இப்போது ஒவ்வொரு சொல்லாக எடுப்போம்.

*நிட்டிதசீவரம்.* அகராதியில் 'நிட்டித' என்றால் முடிந்தது. ஆகவே 'சீவரம் தைத்து முடிந்தபின்' என்று எழுதத் தோன்றும். பதபாஜனீயமோ ஐந்து நிலைகளைச் சொல்கிறது: சீவரம் செய்யப்பட்டிருக்கலாம், காணாமல் போயிருக்கலாம், அழிந்திருக்கலாம், எரிந்துபோயிருக்கலாம், அல்லது துணி கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு அற்றுப்போயிருக்கலாம். இந்த ஐந்தில் எது நடந்தாலும் 'முடிந்தது' என்பது நிறைவேறிவிட்டது. எரிந்துபோன துணியும் 'முடிந்த சீவரம்'தான். இதை எந்த அகராதியும் உங்களுக்குச் சொல்லாது.

*சீவரம்.* ஆடை, அங்கி, துவராடை என்றெல்லாம் எழுதலாம் போலத் தோன்றும். ஆனால் இந்த விதியில் சீவரம் என்பது உடுத்திக்கொள்கிற ஆடை அல்ல. ஆறு வகைத் துணிகளில் ஏதேனும் ஒன்று, விகப்பனை என்ற பங்குரிமை முறைக்கு உட்படுத்தத்தக்க மிகச் சிறிய அளவாவது உள்ளது என்பதுதான் வரையறை. அந்த மிகச் சிறிய அளவு எது என்பது இங்கே இல்லை. மகாவக்கத்தின் சீவரக் கந்தகத்தில் இருக்கிறது. சுகத அங்குலத்தால், அதாவது புத்தரின் விரலளவால், எட்டு அங்குல நீளம், நான்கு அங்குல அகலம். அதாவது கைக்குட்டை அளவுகூட இல்லாத ஒரு துண்டுத் துணிக்கும் இந்த விதி பொருந்தும். 'ஆடை' என்று மொழிபெயர்த்துவிட்டால் விதியின் வீச்சு முழுவதும் போய்விடும்.

*அதிரேகசீவரம்.* வரையறை இரண்டே சொல்: அதிட்டானம் செய்யப்படாதது, அதாவது குறிப்பிட்ட பயனுக்கென்று குறித்துவைக்கப்படாதது; விகப்பனை செய்யப்படாதது. எண்ணிக்கைக்கு இங்கே வேலையே இல்லை. 'மூன்று சீவரத்துக்கு மேற்பட்டது' என்று பல அறிமுக நூல்களில் காண்பீர்கள். நடைமுறையில் பெரும்பாலும் அப்படி அமையும் என்றாலும் அது வரையறை அல்ல.

*விகப்பனை.* உடைமையை இன்னொருவரோடு பங்குரிமை ஆக்கிவைக்கும் முறை. முதல் நிஸ்ஸக்கியம் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறதே ஒழிய விளக்குவதில்லை. விளக்கம் 59-ஆம் பாசித்தியத்தில் இருக்கிறது. நேரில் செய்வது, நேரில் இல்லாமல் செய்வது என்று இரண்டு வகையை அங்கே பிரித்துச் சொல்லியிருக்கிறது. ஆகவே இந்தத் தலைச்சொல்லுக்கு இரண்டு எண்கள் வேண்டும்: சொல் ஆளப்பட்ட இடம் ஒன்று, வரையறுக்கப்பட்ட இடம் ஒன்று.

*உப்பத கதினம்.* கதினம் 'நீங்குவது' எட்டுக் காரணங்களில் ஒன்றால், அல்லது சங்கமே இடையில் நீக்குவதால் என்று பதபாஜனீயம் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. அந்த எட்டும் என்னென்ன என்பதற்கு மகாவக்கத்தின் ஏழாவது கந்தகத்துக்குப் போக வேண்டும்.

*தசாஹபரமம்.* பத்து நாள். ஆனால் குற்றம் விழுவது பதினோராவது அருணோதயத்தில் என்று நூல் தெளிவாகச் சொல்கிறது. நாள் என்பதை நள்ளிரவிலிருந்து எண்ணிப் பழகிய வாசகருக்கு இதைப் பட்டியலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒரு விதி உங்களை நான்கு இடங்களுக்கு அலைய வைத்திருக்கிறது. இந்த அலைச்சலைத் தவிர்க்க முடியாது. ஆனால் இந்த ஒரு விதியில் சேர்த்த சொற்களில் பாதி அடுத்த பத்து விதிகளிலும் திரும்பி வரும். முதல் விதிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். முதல் பத்து விதிகளான சீவர வக்கத்தின் பிற்பகுதிக்கு வரும்போது ஒரு விதிக்கு ஒன்றிரண்டு மணி நேரமே ஆகும். அடுத்து வரும் கோசிய வக்கத்திலும் பாத்திர வக்கத்திலும் வேகம் மறுபடி குறையும், ஏனென்றால் முன்னதில் பணம், பண்டமாற்று என்றும் பின்னதில் மருந்து என்றும் புதுச் சொற்கள் வந்து சேரும்.

## 5. வரையறை வேறு, உரை வேறு, உங்கள் முடிவு வேறு

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பதிவு வையுங்கள். விரிதாளில் ஒரு வரிசையாக இருந்தாலும் சரி, எளிய உரைக்கோப்பாக இருந்தாலும் சரி. நான் பயன்படுத்தும் வடிவம் இது:

```text
pali:     atirekacīvara
tamil:    அதிரேகசீவரம்
gloss:    மிகைச் சீவரம்
mulam:    அதிட்டானமோ விகப்பனையோ செய்யப்படாத சீவரத் துணி
idam:     Vin III 195; pli-tv-bu-vb-np1
urai:
en-kurippu: எண்ணிக்கை அளவுகோல் அல்ல
```

`mulam` நிரலில் மூலநூல் சொல்வது மட்டும். `urai` நிரலில் சமந்தபாசாதிகாவும் மற்ற உரைகளும் சொல்வது. கடைசி நிரலில் உங்கள் கருத்து. இந்த மூன்றும் கலந்தால் பட்டியல் பயனற்றுப் போகும். பதினோராவது அருணோதயம் என்பது மூலத்தில் இருக்கிறது. எந்த அருணோதயத்திலிருந்து எண்ணத் தொடங்குவது என்ற விளக்கத்தைத் தருவது உரை. முன்னதை மூல நிரலிலும் பின்னதை உரை நிரலிலும் எழுத வேண்டும். மூலத்துக்கும் உரைக்கும் நூற்றாண்டுகள் இடைவெளி உண்டு. உங்கள் ஆய்வு பிற்கால வழக்கத்தைப் பற்றியதானால் உரையின் பொருளே உங்களுக்கு முக்கியமாகவும் இருக்கலாம். எதுவானாலும் தனித்தனியே வைத்தால்தான் தெரியும்.

உரை நிரல் பல சொற்களுக்குக் காலியாகவே இருக்கும். அது குறையல்ல, நிரப்ப வேண்டுமே என்று எதையாவது எழுதாதீர்கள். தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்புள்ள உரையாசிரியர்களும் இதில் உண்டு. உறையூரைச் சேர்ந்தவராகக் கருதப்படும் புத்ததத்தர் காவிரிக்கரையில் இருந்து இயற்றிய விநயவினிச்சயம், விதிகளைச் செய்யுளில் சுருக்கித் தருகிறது. ஒரு சொல்லின் எல்லை எது என்று சந்தேகம் வரும்போது இந்தச் சுருக்க நூல் விரிவான உரையைவிடச் சட்டென்று கைகொடுக்கும்.

## 6. தமிழ்ச் சொல்லைத் தேர்வது

இதில்தான் நெறியாளர்களோடு பெரிய வாக்குவாதம் வரும். எல்லாவற்றையும் தூய தமிழில் தர வேண்டும் என்று ஒரு தரப்பு, எல்லாவற்றையும் பாலியிலேயே விட வேண்டும் என்று இன்னொரு தரப்பு. என் கட்சி இது: வரையறை ஒரு வரிக்குள் அடங்காத சொல்லைப் பாலியிலேயே விடுங்கள், அடங்குவதைத் தமிழாக்குங்கள். நிஸ்ஸக்கியம், பாசித்தியம், கதினம், அதிட்டானம், விகப்பனை பாலியிலேயே இருக்கட்டும். அதிரேகம் 'மிகை', அருணோதயம் 'விடியல்' என்று தமிழில் வரட்டும்.

தமிழாக்கத்தில் மூன்று பொறிகளைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, ஏற்கெனவே தமிழில் வேறு பொருளோடு உலவும் சொல். அதிட்டானம் என்றதும் தமிழ் வாசகருக்குக் கோயிலின் அடித்தளம் நினைவுக்கு வரும். விநயத்தில் அது ஒரு பொருளை 'இது என் சங்காடி' என்பது போலக் குறிப்பிட்ட பயனுக்கு உரியதாகச் சொல்லிக் குறித்துவைக்கும் செயல். ஆபத்தி என்பது விநயத்தில் குற்றம்; வாசகர் அதை ஆபத்து என்று படித்துவிட்டுப் போவார். விநயம் என்பதே பணிவு என்ற பொருளில் தமிழில் பழகிப்போன சொல். இத்தகைய சொற்களுக்குப் பட்டியலில் 'இங்கே இந்தப் பொருளில் அல்ல' என்று ஒரு வரி சேருங்கள். கதினத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: பதிப்புக்குப் பதிப்பு `kathina` என்றும் `kaṭhina` என்றும் மாறி வருகிறது. இரண்டாவதைப் பின்பற்றினால் தமிழில் 'கடினம்' என்றாகி, 'கடினம் நீங்கியபின்' என்ற தொடர் நகைப்புக்கு இடமாகும். ஆகவே நான் 'கதினம்' என்றே எழுதுகிறேன். மாற்றுப் பாடத்தைப் பட்டியலில் ஒருமுறை குறித்துவிட்டால் போதும்.

இரண்டாவது, தண்டனையின் தன்மையை மாற்றிவிடும் சொல். நிஸ்ஸக்கியத்தைப் 'பறிமுதல்' என்று மொழிபெயர்க்கத் தோன்றும். ஆனால் முதல் விதியில் நடப்பது வேறு. பிக்கு அந்தத் துணியைச் சங்கத்திடமோ, சிலரடங்கிய கணத்திடமோ, தனி ஒருவரிடமோ கைவிடுகிறார், குற்றத்தை அறிக்கையிடுகிறார், அதன்பின் துணி அவரிடமே திருப்பித் தரப்படுகிறது. பறிமுதலான பொருள் திரும்பி வராது அல்லவா? அதற்காக எல்லா நிஸ்ஸக்கியமும் திரும்பக் கிடைக்கும் என்றும் எழுதிவிடாதீர்கள். பணத்தைப் பற்றிய 18, 19-ஆம் விதிகளில் கைவிட்டது கைவிட்டதுதான். ஆகவே 'கைவிடல்' என்ற பொதுச் சொல்லே பாதுகாப்பானது. அதேபோலப் பாசித்தியத்தைப் 'பிராயச்சித்தம்' என்றோ 'கழுவாய்' என்றோ எழுதினால் ஏதோ நோன்போ சடங்கோ உண்டு என்ற எண்ணம் வரும். இன்னொரு பிக்குவிடம் அறிக்கையிடுவதோடு அந்தக் குற்றம் தீர்கிறது.

மூன்றாவது, ஓரிடத்தில் பொருந்தி இன்னோரிடத்தில் பொருந்தாத சொல். அதிரேகத்தை 'உபரி ஆடை' என்று ஒட்டுமொத்தமாக மொழிபெயர்த்திருந்தால் 21-ஆம் விதியில் மாட்டிக்கொள்வீர்கள்; அங்கே அதிரேகபத்தம், அதாவது மிகைப் பாத்திரம் வருகிறது, அதே பத்து நாள் வரம்போடு. அதன் வரையறையும் அதே வாய்பாடுதான்: அதிட்டானமும் விகப்பனையும் செய்யப்படாதது. முன்னொட்டுக்குத் தனியே ஒரு தமிழ்ச் சொல்லை நிறுத்திவிட்டால் இரண்டும் ஒன்றுபோல அமையும்.

## 7. ஒரே சொல்லுக்குப் பல பொருள் வந்தால் எண்ணிடுங்கள்

பவாரணா என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத் தங்கல் முடிவில், 'என் தவறு எதையாவது கண்டிருந்தால் சொல்லுங்கள்' என்று பிக்குகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் சங்க நிகழ்ச்சிக்கு அந்தப் பெயர். இது மகாவக்கத்தின் நான்காம் கந்தகம். 35-ஆம் பாசித்தியத்தில் அதே வினையிலிருந்து வரும் 'பவாரிதர்' என்பவர், உண்டுகொண்டிருக்கையில் மேலும் கொடுத்ததை வேண்டாம் என்று மறுத்தவர். 47-ஆம் பாசித்தியத்தில் இல்லறத்தார் 'வேண்டியதைக் கேளுங்கள்' என்று பிக்குவுக்கு விடுக்கும் அழைப்பு. அழைப்பதும் மறுப்பதும் ஒரே சொல்லில்!

இதைப் 'பவாரணா: அழைப்பு' என்று ஒரே வரியில் முடித்தால், 35-ஆம் விதியைப் பற்றிய உங்கள் பத்தி தலைகீழாகிவிடும். பவாரணா-1, பவாரணா-2, பவாரணா-3 என்று பிரித்து, ஆய்வேட்டின் உடலிலும் முதல் ஆட்சியில் அந்த எண்ணைப் போடுங்கள். எந்தச் சொல்லைப் பிரிக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? ஒரே சொல்லுக்கு இரண்டு விதிகளின் பதபாஜனீயம் இரண்டு வரையறை கொடுத்தால் பிரியுங்கள். ஒரே வரையறை திரும்ப வந்தால் பிரிக்காதீர்கள். சூழல் சற்றே மாறுகிறது என்பதற்காகப் பிரித்துக்கொண்டே போனால் பட்டியல் உரைநூலாகிவிடும்.

## 8. எழுத்துத் தொல்லைகள்

தமிழ் எழுத்தில் பாலியின் வர்க்க எழுத்துகள் ஒன்றாகிவிடுகின்றன. விநயத்தில் இது கோட்பாட்டுச் சிக்கல் அல்ல, அன்றாடத் தொல்லை. `patta` பாத்திரம், `bhatta` உணவு. தமிழில் இரண்டும் 'பத்தம்'. `gaṇa` இரண்டு மூன்று பிக்குகளின் குழு, `khaṇa` நொடி. தமிழில் இரண்டும் 'கணம்'. மேலெழுத்து எண்களைப் போட்டுப் பிரிக்கலாம் என்பார்கள். ஆய்வேடு முழுவதும் அப்படி எழுதினால் படிக்க ஆளிருக்காது. உடலில் சாதாரணத் தமிழ் எழுத்து, பட்டியலில் மட்டும் தலைச்சொல்லின் பக்கத்தில் ரோமன் வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோதும் சொற்களில் ஒன்றைத் தமிழாக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது: பாத்திரம், உணவு.

ரோமன் வடிவத்திலும் ஒரு கண்ணி உண்டு. நிக்கஹீதம் என்ற மூக்கொலியைச் சில தளங்கள் கீழ்ப்புள்ளியோடு `ṃ` என்றும், சில தளங்கள் மேற்புள்ளியோடு `ṁ` என்றும் எழுதுகின்றன. இரண்டு இடங்களிலிருந்து நகலெடுத்து ஒட்டினால், தேடும்போது பாதிதான் கிடைக்கும். சொல் இல்லை என்று நினைத்து மறுபடி சேர்ப்பீர்கள். போதாக்குறைக்கு, நெடில் குறி எழுத்தோடு ஒன்றாகவும் தனிக்குறியாகவும் பதிவாகியிருக்கலாம். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. பைத்தான் தெரிந்தவர்கள் எல்லாப் பதிவுகளையும் இதன் வழியே ஒருமுறை செலுத்துங்கள்:

```python
import unicodedata

def seer(s):
    s = unicodedata.normalize("NFC", s)
    return s.replace("ṁ", "ṃ").lower().strip()
```

தெரியாதவர்கள் விரிதாளிலேயே ஒரு குறியைத் தேடி மற்றதாக மாற்றிவிடலாம். தனிக்குறிச் சிக்கலுக்கு மட்டும், சந்தேகமான சொல்லை அழித்துவிட்டுக் கையால் திரும்பத் தட்டச்சு செய்வதே வழி.

வரிசையைப் பொறுத்தவரை, தமிழ் ஆய்வேட்டுக்குத் தமிழ் அகர வரிசைதான் சரி. ரோமன் நிரலை வைத்து வரிசைப்படுத்தினால் பாலி வரிசையும் வராது, தமிழ் வரிசையும் வராது. ஜ, ஸ, ஹ ஆகிய கிரந்த எழுத்துகள் 'ன'வுக்குப் பின் வரும் என்பதை முன்குறிப்பில் சொல்லிவிடுங்கள்.

## 9. எப்போது பூட்டுவது

முதல் இயலை நெறியாளரிடம் கொடுப்பதற்கு முன்பே விதிகளின் மூல வாசகத்தில் உள்ள சொற்களுக்குப் பட்டியல் முடிந்திருக்க வேண்டும். இரண்டாம் வட்டச் சொற்களை எழுத எழுதச் சேர்க்கலாம். கடைசி இயலின் முதல் வரைவு முடிந்த அன்று தமிழ்ச் சொல் நிரலைப் பூட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு எந்தச் சொல்லை மாற்றினாலும், தேதி, பழைய சொல், புதுச் சொல், மாற்ற வேண்டிய பக்கங்கள் என்று ஒரு மாற்றப் பதிவில் எழுதிய பிறகே மாற்றுங்கள். கணினியில் ஒரேயடியாகத் தேடி மாற்றாதீர்கள். தமிழில் சொல் வேற்றுமை உருபேற்று உருமாறும். 'சீவரம்' என்று தேடினால் 'சீவரத்தை', 'சீவரங்கள்' இரண்டும் அகப்படாது. 'சீவர' என்று அடிச்சொல்லைத் தேடி ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

பூட்டுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. பட்டியலில் உள்ள தமிழ் வடிவங்களை மட்டும் வைத்து விதியை மொழிபெயர்த்துப் பாருங்கள். முதல் விதி இப்படி வரும்: 'சீவரம் முடிந்து, கதினம் நீங்கியபின், மிகைச் சீவரத்தைப் பிக்கு மிஞ்சிப்போனால் பத்து நாள் வைத்திருக்கலாம். அதைக் கடத்துபவருக்கு நிஸ்ஸக்கிய பாசித்தியம்.' இதையும் பட்டியலையும் விநயம் படிக்காத ஒருவரிடம் கொடுத்து, எரிந்துபோன துணிக்கு இந்த விதி எப்படிப் பொருந்தும், துண்டுத் துணிக்குப் பொருந்துமா, பதினோராம் நாள் விடிந்தால் என்ன ஆகும் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பட்டியலை மட்டும் பார்த்து அவரால் பதில் சொல்ல முடிந்தால் அந்த விதியின் சொற்கள் முடிந்தன. முடியாவிட்டால் எந்தக் கேள்வியில் தடுமாறினாரோ அந்தச் சொல்லின் `mulam` நிரலில் ஏதோ விடுபட்டிருக்கிறது. முப்பது விதிக்கும் இதைச் செய்ய வேண்டியதில்லை. வக்கத்துக்கு ஒன்று வீதம் மூன்று போதும்.

அச்சில் கொடுக்கும்போது எல்லா நிரலையும் கொடுக்க வேண்டாம். தலைச்சொல், ரோமன் வடிவம், தமிழ்ப் பொருள், மூல வரையறை, இடம் ஆகிய ஐந்தும் பின்னிணைப்புக்கு. உரை நிரலும் உங்கள் குறிப்பும் உங்கள் கோப்பிலேயே இருக்கட்டும். வாய்மொழித் தேர்வு அன்று அந்த முழுக் கோப்பையும் அச்செடுத்துக் கையோடு எடுத்துப் போங்கள்.